ஏழு தடவை குதித்த பாடகி

பதிவு கொஞ்சம் நீளம். விஷயமும் நாம் வீட்டில் வாய்விட்டுப் பேசாத விஷயம். கூச்சமாக இருப்பவர்கள் தனியாக இருக்கும்போது படியுங்கள்.

போன மாதம் ஒரு கல்யாண வீடு. மணப்பெண் எனக்குப் பேத்தி முறை. படிப்பில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கிறது, அதுவரை குழந்தை வேண்டாம் என்று இரண்டு பேருமே பேசி வைத்திருக்கிறார்கள். அது காதில் விழுந்த எங்கள் பெரிய அத்தை ஒருவர் அவளை அறைக்குள் கூப்பிட்டு, "மாத்திரை கீத்திரை எதுவும் தின்னாத. ஆனதும் படுத்துக் கிடக்காம எந்திரிச்சு ஒண்ணுக்குப் போயிரு. தண்ணிய ஊத்தி நல்லா கழுவு. நாலு குதி குதி. ஒண்ணும் தங்காது" என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் அவள் எனக்குப் போன் போட்டு, "சின்னப்பாட்டி, அது நெசமா?" என்றாள்.

இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் வரலாறு நடத்தியவளுக்கு அதோடு மனம் அடங்கவில்லை. அத்தை சொன்ன இந்த வைத்தியம் நம் ஊரில் பிறந்தது இல்லை. எழுத்தில் இருக்கும் சான்றே இரண்டாயிரத்து முந்நூறு, நானூறு வருஷப் பழசு. படித்த மருத்துவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதற்காக ஜெயிலுக்கும் போயிருக்கிறார்கள்.

கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரடீஸ் பெயரில் ஒரு நூல் தொகுப்பு இருக்கிறது. எல்லாம் அவரே எழுதியவை அல்ல, பலர் எழுதியவை சேர்ந்து கிடக்கின்றன. அதில் கருவில் குழந்தை எப்படி உருவாகிறது என்று பேசும் ஒரு நூலில், அதை எழுதிய மருத்துவர் தன் அனுபவம் ஒன்றைச் சொல்கிறார். ஒரு பெண்மணியிடம் விலைமதிப்புள்ள ஒரு பாடகி இருந்தாள். இருந்தாள் என்றால் அடிமையாக. ஆண்களிடம் அவளை அனுப்பித்தான் வருமானம். கர்ப்பமானால் அவள் மதிப்பு இறங்கிவிடும், அதனால் கர்ப்பம் ஆகக் கூடாது. இந்தப் பாடகி, மற்ற பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறாள்: கரு தரிக்கப் போகிறது என்றால் வித்து வெளியே வராது, உள்ளேயே தங்கிவிடும் என்று. ஒரு நாள் வித்து வெளியே வராததைக் கவனித்து எஜமானியிடம் சொன்னாள். எஜமானி மருத்துவரிடம் சொன்னாள். அவர், குதிகால் பிட்டத்தில் படும்படி எம்பிக் குதிக்கச் சொன்னார். ஏழாவது குதிப்பில் வித்து சத்தத்தோடு தரையில் விழுந்தது என்றும், ஓடு நீக்கிய பச்சை முட்டை போல் மெல்லிய தோலுக்குள் திரவத்தோடு உருண்டையாக இருந்தது என்றும், அது ஆறு நாள் கரு என்றும் எழுதி வைத்திருக்கிறார்.

இதை நான் முதலில் படித்தபோது அந்தப் பெண்ணை நினைத்துத்தான் வருத்தப்பட்டேன். தன் உடம்பை அவ்வளவு கவனமாகப் பார்த்து வைத்திருந்தது தனக்காக இல்லை, இன்னொருத்தியின் வருமானத்துக்காக. அது இருக்கட்டும். மருத்துவர் கண்ணால் பார்த்ததாகச் சொல்வது என்ன? ஆறு நாள் கரு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான் இருக்கும். பென்சில் முனையால் லேசாக வைத்த புள்ளி. அது தரையில் விழுந்தால் சத்தம் கேட்காது, கண்ணுக்கும் தெரியாது. அவர் கண்டது வேறு எதுவாக இருந்தாலும் ஆறு நாள் கரு இல்லை.

அந்தப் பெண்கள் பேசிக்கொண்டதில் ஒரு எண்ணம் ஒளிந்திருக்கிறது. கர்ப்பப்பை ஒரு குடம், உள்ளே ஊற்றியது தங்கினால் பிள்ளை, கவிழ்த்துவிட்டால் பிள்ளை இல்லை என்கிற எண்ணம். குதிப்பதும் கழுவுவதும் சிறுநீர் கழிப்பதும் இந்த ஒரே எண்ணத்தின் பிள்ளைகள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் வைத்தியம் பார்த்த சொரானஸ் பெண்களுக்கான மருத்துவம் பற்றி அருமையான நூல் எழுதியவர். தாயத்து கட்டினால் கரு தங்காது என்பதை நம்பாதவர். அவரே இந்த இடத்தில் குடத்துக்குள் விழுந்துவிட்டார். விந்து வெளிப்படும் நேரத்தில் பெண் மூச்சை அடக்கிச் சற்றே பின்வாங்க வேண்டும், உடனே எழுந்து முழங்காலை மடக்கிக் குந்தி உட்கார்ந்து தும்மலை வரவழைக்க வேண்டும், துடைத்துக்கொள்ள வேண்டும், குளிர்ந்ததாக ஏதாவது குடிக்க வேண்டும் என்று எழுதினார். நம் அத்தைக்கும் அவருக்கும் தும்மல் ஒன்றுதான் வித்தியாசம்.

சரி, குடத்தைக் கவிழ்த்தால் ஏன் கொட்டுவதில்லை?

பெண்ணின் உடம்பில் முன்பக்கம் சிறுநீர் வரும் துவாரம் தனி. அதற்குப் பின்னால் பிறப்பு வழி தனி. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இந்தப் படம் வரும் பக்கத்தைப் பல பள்ளிகளில் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிவிடுவார்கள். அதன் விளைவு, மூன்று பிள்ளை பெற்றவர்களுக்கும் இரண்டும் ஒரே வழி என்ற நினைப்பு. சிறுநீர்ப்பையிலிருந்து வருவது விந்து இருக்கும் இடத்தைத் தொடுவதே இல்லை. பக்கத்து வீட்டுக் குழாயைத் திறந்துவிட்டு நம் வீட்டு முற்றம் கழுவப்பட்டது என்று நினைப்பது போலத்தான். உறவுக்குப் பிறகு சிறுநீர் கழிப்பது நல்ல பழக்கம்தான், சிறுநீர்த் தாரையில் ஏறப் பார்க்கும் கிருமிகளை வெளியே தள்ள உதவும். அந்தக் காரணத்துக்காகச் செய்யுங்கள். கர்ப்பத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

குதிப்பதும் கழுவுவதும் சரியான வழியைத்தான் குறிவைக்கின்றன. ஆனால் பிந்திப் போகின்றன. பிறப்பு வழி ஒரு விரல் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலான ஒரு பை. அதன் உள்கோடியில் கர்ப்பப்பையின் வாய் இருக்கிறது. அந்த வாயில் ஒரு வழவழப்பான திரவம் எப்போதும் இருக்கும். மாதத்தில் பெரும்பாலான நாட்கள் அது கெட்டியாக வழியை அடைத்துக்கொண்டிருக்கும். கருமுட்டை வெளியாகும் நாட்களை ஒட்டி முட்டையின் வெள்ளைக்கரு போல இளகி நீளும். விந்தணுக்கள் அதற்குள் நீந்திப் போய்விடுகின்றன. 1962ல் சொப்ரெரோ, மக்லியோட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் உறவு முடிந்த உடனேயே அந்தத் திரவத்தை எடுத்துச் சோதித்தார்கள். ஒன்றரை நிமிடத்துக்குள் எடுத்ததிலேயே விந்தணுக்கள் இருந்தன. எழுந்து, விளக்கைப் போட்டு, குளியலறைத் தாழ்ப்பாளைத் திறப்பதற்குள் அந்தக் காரியம் முடிந்துவிடுகிறது.

உள்ளே போனதை வெளியே இருக்கும் தண்ணீர் தொட முடியாது. குதித்தாலும் உதிராது. அது குடத்தில் நிற்கும் தண்ணீர் இல்லை, பிசினுக்குள் புகுந்த உயிரணு. அதற்கு வால் இருக்கிறது, தானே நீந்துகிறது, மேலா கீழா என்று பார்ப்பதில்லை. எழுந்து நின்றதும் திரவம் கொஞ்சம் வழிந்து வெளியே வரும், அதைப் பார்த்துத்தான் பெண்கள் ஏமாந்து போகிறார்கள். வழிவது உண்மை. குதித்தால் இன்னும் கொஞ்சம் வழியும். எல்லாப் பெண்களுக்கும், அன்றைக்கே கர்ப்பம் தரித்தவளுக்கும்கூட அப்படித்தான். ஒரு தடவை வெளிப்படும் விந்தில் சுமார் இருபது கோடி அணுக்கள் இருக்கலாம். மிக நன்றாகக் கழுவி நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கை வெளியேற்றிவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். மிச்சம் இருபது லட்சம். கருமுட்டை வரும் குழாய் வரைக்கும் எப்படியும் சில நூறுதான் போய்ச் சேரும், தேவைப்படுவது ஒன்றே ஒன்று.

இந்தக் கழுவும் முறைக்கு நவீன மருத்துவ அங்கீகாரம் வாங்கிக் கொடுக்கப் பார்த்தவர் சார்லஸ் நோல்டன் என்ற அமெரிக்க மருத்துவர். மாசசூசெட்ஸில் சின்ன ஊர்களில் வைத்தியம் பார்த்தவர். 1832ல் "தத்துவத்தின் கனிகள்" என்று பொருள்படும் பெயரில் ஒரு குட்டிப் புத்தகம் போட்டார். உறவு முடிந்த உடனே பீச்சாங்குழல் போன்ற ஒரு கருவியால் படிகாரம் அல்லது துத்தநாக சல்பேட் கரைத்த நீரைப் பாய்ச்சிக் கழுவ வேண்டும் என்பது அவர் யோசனை. செலவு கிட்டத்தட்ட இல்லை, அதைவிட முக்கியமாக, முடிவு பெண்ணின் கையில் இருக்கிறது என்பதில் அவருக்குப் பெருமை. வருஷத்துக்கு ஒன்று பெற்று உடம்பு தேய்ந்து போன பெண்களைப் பார்த்த மனிதர். அந்தப் புத்தகத்துக்காக அவருக்கு ஓர் ஊரில் அபராதம் போட்டார்கள், கேம்பிரிட்ஜில் மூன்று மாதம் கடுங்காவல் கொடுத்தார்கள்.

கதை இங்கேதான் நம் ஊர்ப் பக்கம் திரும்புகிறது. நோல்டன் இறந்து பல வருஷம் கழித்து, 1877ல், லண்டனில் இரண்டு பேர் அதே புத்தகத்தை ஆறு பென்ஸ் விலையில் மறுபடி அச்சிட்டு, விற்கப் போகிறோம் என்று போலீசுக்கும் தகவல் சொல்லிவிட்டு விற்றார்கள். ஒருவர் சார்லஸ் பிராட்லா. இன்னொருவர் அன்னி பெசன்ட். அடையாறில் வாழ்ந்து மறைந்த, பெசன்ட் நகருக்குப் பெயர் கொடுத்த அதே அம்மையார்தான். தன்னாட்சி இயக்கம் என்ற பாடத்தில் அவரைப் பற்றி உங்களுக்கு நடத்தியபோது இந்தக் கதையை நான் சொல்லவில்லை. சொல்லத் துணிச்சல் வரவில்லை என்பதுதான் உண்மை.

அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. தனக்காகத் தானே நீதிமன்றத்தில் வாதாடினார். ஏழை வீடுகளில் பெண்கள் படும் பாட்டை, பிரசவத்துக்குப் பின் பிரசவமாக உடம்பு நொறுங்குவதை, திறந்த நீதிமன்றத்தில் ஆண்கள் நிறைந்த அவையில் எடுத்துச் சொன்னார். ஆறு மாதச் சிறையும் அபராதமும் விதித்தார்கள். மேல்முறையீட்டில், குற்றப்பத்திரிகை சரியாக எழுதப்படவில்லை என்ற நுட்பமான காரணத்தால் தண்டனை ரத்தானது. ஆனால் 1878ல் அவருடைய மகள் மேபலை அவரிடமிருந்து பிரித்துத் தந்தையிடம் கொடுத்துவிட்டது இன்னொரு நீதிமன்றம். இப்படிப்பட்ட புத்தகத்தை வெளியிட்டவளிடம் பெண் குழந்தை வளரக் கூடாது என்பது அந்த வழக்கில் வைத்த காரணங்களில் ஒன்று. வழக்கினால் புத்தகம் லட்சத்துக்கு மேல் விற்றது.

அவ்வளவு விலை கொடுத்துப் பரப்பிய புத்தகத்தின் மைய வைத்தியம் நம்பத் தகுந்தது இல்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் வலிக்கிறது. பெசன்ட் மேல் குற்றம் இல்லை. அவர்கள் காலத்தில் தெரிந்தது அவ்வளவுதான். விந்தணுவும் முட்டையும் ஒன்று சேர்வதைக் கடல் முள்ளெலியில் ஹெர்ட்விக் என்ற ஜெர்மானியர் பார்த்து வெளியிட்டதே 1876ல், வழக்குக்கு முந்தைய வருஷம். பெண்ணுக்கு மாதத்தில் எந்த நாட்களில் கரு தரிக்கும் என்பது 1920களில் ஜப்பானில் ஓகினோவும் ஆஸ்திரியாவில் க்னாஸும் கண்டுபிடிக்கும் வரை சரியாகத் தெரியாது. அதற்கு முன் சொரானஸ் முதல் பலரும் மாதவிலக்கை ஒட்டிய நாட்களே கரு தரிக்கும் நாட்கள் என்று நம்பினார்கள். அதை நம்பி அந்த நாட்களைத் தவிர்த்தவர்கள், மாதத்தின் நடுவில், மிக ஆபத்தான நாட்களில் நிம்மதியாக இருந்திருப்பார்கள்.

சரி டீச்சர், பலிக்காத வைத்தியம் எப்படி இரண்டாயிரம் வருஷம் உயிரோடு இருந்தது என்று கேட்பீர்கள். எனக்கும் அதுதான் பெரிய கேள்வி. பதில் கணக்கில் இருக்கிறது.

விந்தணு பெண்ணின் உடம்பில் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். வெளியான கருமுட்டை ஒரு நாள்தான் தாங்கும். ஆக, முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாளும் சேர்த்து மாதத்தில் ஆறே நாள்தான் கரு தரிக்க வாய்ப்பு. 1995ல் அமெரிக்காவில் வில்காக்ஸ் என்பவரின் குழு 221 பெண்களைத் தினமும் கவனித்து இதை உறுதி செய்தது. அந்த ஆறு நாட்களிலும் ஒரு தடவை சேர்ந்தால் கரு தரிக்கும் வாய்ப்பு முதல் நாளில் பத்தில் ஒன்று, முட்டை வெளியாகும் நாளில் மூன்றில் ஒன்று. மற்ற இருபத்திரண்டு நாளும் குதித்தாலும் ஒன்றும் ஆகாது, குதிக்காவிட்டாலும் ஒன்றும் ஆகாது.

இப்போது ஒரு தெருவில் புதிதாகக் கல்யாணமான பத்துப் பெண்கள் இருக்கிறார்கள் என்று வையுங்கள். பத்துப் பேருக்கும் அத்தை வைத்தியம் சொல்லிவிட்டார். எந்தத் தடுப்பும் இல்லாத இளம் தம்பதிக்கு ஒரு மாதத்தில் கரு தரிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய நாலில் ஒன்று. முதல் மாதம் இரண்டு மூன்று பேர் உண்டாகிவிடுவார்கள். மூன்றாம் மாத முடிவிலும் நாலு பேர் அப்படியே இருப்பார்கள். அந்த நாலு பேரும் என்ன சொல்வார்கள்? "அத்தை சொன்னது பலிச்சுது." உண்டான ஆறு பேரில் ஒருத்தியாவது வைத்தியம் பொய் என்று சொல்வாளா? மாட்டாள். "நான்தான் அன்னிக்கு அசதியில தூங்கிட்டேன்" என்பாள். பலித்தால் பேர் வைத்தியத்துக்கு, பலிக்காவிட்டால் பழி பெண்ணுக்கு. ஒரு வருஷம் முடிவதற்குள் நூற்றில் எண்பத்தைந்து பேர் உண்டாகிவிடுவார்கள், ஆனால் அத்தனை நாள் உட்கார்ந்து எண்ணுவதற்கு யார் இருக்கிறார்கள்?

நான் பெரிய அத்தையிடமே கேட்டேன், கோபப்படாமல்தான். "அத்தை, உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" "ஆறு பெத்தேன்." "நீங்க குதிக்கலையா?" கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உங்க மாமா இருக்கிற வீட்ல ராத்திரி எந்திரிச்சுக் குதிச்சா மாமியா என்ன ஏதுன்னு கேக்க மாட்டாளா? மெதுவாத்தான் குதிச்சேன்" என்றார். சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு, நாலாவது பிரசவத்துக்கு அப்புறம் தான் பிழைத்ததே பெரிசு என்று சொன்னார்.

கழுவுவதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. பச்சைத் தண்ணீரால் வெளியே கழுவிக்கொள்வதில் தவறே இல்லை. உள்ளே பாய்ச்சுவதுதான் கூடாது. அமெரிக்காவில் 1873ல் வந்த ஒரு சட்டம் கருத்தடைப் பொருட்களை ஆபாசம் என்று தடுத்தது. கம்பெனிகள் "பெண்களின் சுத்தம்" என்று பெயரை மாற்றி, தரை துடைக்கும் லைசால் திரவத்தைப் பெண்கள் உள்ளே பாய்ச்சிக் கழுவ விளம்பரம் செய்தன. அன்றைய லைசாலில் கிரெசால் என்ற காரமான பொருள் இருந்தது. வெந்துபோனவர்கள் உண்டு, செத்தவர்களும் உண்டு. அதைக் கருத்தடையாகப் பயன்படுத்திய பெண்களை 1930களில் கணக்கெடுத்துப் பார்த்தபோது கிட்டத்தட்ட பாதிப் பேர் கர்ப்பமாகியிருந்தார்கள். நம் வீடுகளில் டெட்டால், எலுமிச்சை, வினிகர், உப்புத் தண்ணீர் என்று கேள்விப்படுகிறேன். பிறப்பு வழியில் நல்ல கிருமிகள் குடியிருந்து அந்த இடத்தை லேசான புளிப்பாக வைத்துக் காவல் காக்கின்றன. பாய்ச்சிக் கழுவினால் காவல்காரன் முதலில் வெளியேறுவான். அடிக்கடி அப்படிச் செய்பவர்களிடம் கர்ப்பப்பைத் தொற்றும், கரு குழாயிலேயே தங்கிவிடும் ஆபத்தும் அதிகம் காணப்படுகின்றன.

அப்படியானால் உறவுக்குப் பிறகு செய்யக்கூடியது எதுவுமே இல்லையா என்று பேத்தி கேட்டாள். இருக்கிறது. லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம் என்ற அவசர மாத்திரை, 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அது விந்தணுவைத் துரத்துவதில்லை. கருமுட்டை வெளியாவதைத் தள்ளிப் போடுகிறது. குதித்தவர்களும் கழுவியவர்களும் ஏற்கெனவே கிளம்பிப்போன பஸ்ஸைத் துரத்தினார்கள். இது பஸ் போய்ச் சேரும் ஊரில் ஆளை வீட்டைவிட்டு வராமல் பார்த்துக்கொள்கிறது. ஆள் ஏற்கெனவே கிளம்பிவிட்டால், அதாவது முட்டை வெளியாகிவிட்டால், இதுவும் உதவாது. ஐந்து நாளுக்குள் டாக்டரிடம் போய்க் காப்பர் டி போட்டுக்கொள்வது இதைவிட நம்பகமானது. அந்த மாத்திரை நம் மாநிலத்தில் பல மருந்துக்கடைகளில் வைத்திருப்பதில்லை, கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அலையாமல் நேராக மகப்பேறு மருத்துவரிடமோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள். மாதா மாதம் இதையே வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம், அதற்கு ஆணுறை, தினசரி மாத்திரை, காப்பர் டி எல்லாம் இருக்கின்றன. நாள் தள்ளிப்போனால் கழுவிய நம்பிக்கையில் உட்கார்ந்திருக்காமல் முதல் வாரத்திலேயே சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

பேத்தியும் மாப்பிள்ளையும் போன வாரம் சேர்ந்தே டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அவள் பெயரைச் சொல்லாமல் எழுதிக்கொள்ள அனுமதி வாங்கித்தான் இதை எழுதினேன். பெரிய அத்தைக்குப் பேஸ்புக் கிடையாது, ஆனால் அவருக்கு வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி இருந்தால் பொதுவில் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள், உள்பெட்டியில் எழுதுங்கள். ஆண் பிள்ளைகளும் எழுதலாம். எனக்குத் தெரியாததை என் டாக்டர் மாணவி ஒருத்தியிடம் கேட்டுச் சொல்கிறேன்.